இனிஷியல் மட்டும் உள்ளவர் கடவுச்சீட்டில் பெயரைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி: பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை என் சான்றிதழ்களில் KARTHIK S என்று உள்ளது. கடவுச்சீட்டில் KARTHIK மட்டுமே. குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அமெரிக்காவில் முதுநிலை படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன். அப்பா பெயர் செல்வம். எதை மாற்ற வேண்டும்?

பதில்: சான்றிதழ்களைத் தொட வேண்டாம், கடவுச்சீட்டை மாற்றுங்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் மதிப்பெண் சான்றிதழில் இருப்பது பிழையன்று, நம் ஊர் வழக்கப்படி எழுதிய பெயர்தான் என்பதால், அதைத் திருத்த அலைவது வீண்.

கடவுச்சீட்டில் இனிஷியலை எழுத்தாகப் போட மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது இயற்பெயர்க் கட்டத்தில் KARTHIK என்றும், குடும்பப் பெயர்க் கட்டத்தில் SELVAM என்றும் பிரித்து நிரப்புங்கள். பலர் இரண்டையும் சேர்த்து இயற்பெயர்க் கட்டத்திலேயே எழுதிவிடுகிறார்கள். குடும்பப் பெயர் அப்போதும் காலிதான் என்பதால், அமெரிக்க ஆவணங்களில் பெயர் குழம்பும் சிக்கல் அப்படியே நிற்கும். அதற்கு முன் ஆதாரை இதே வடிவில் திருத்திவிடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள தந்தை பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் தந்தையின் ஆதாரையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். ஒன்றில் SELVAM, மற்றொன்றில் SELVAN என்றிருந்தால் அதை முதலில் தீர்க்க வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கலுக்குக் கூடுதலாக 2,000. சேவை மையத்தில் அரசிதழ் அறிவிப்பு கேட்டால், மாற்றுப் பெயர் சூட்டவில்லை, இனிஷியலை மட்டுமே விரிக்கிறேன் என்று தந்தை பெயர் உள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழைக் காட்டிச் சொல்லிப் பாருங்கள். ஏற்காவிட்டால் அரசிதழில் வெளியிடுவதே வழி.

சான்றிதழுக்கும் புதிய கடவுச்சீட்டுக்கும் இடையே பாலமாக, KARTHIK S, KARTHIK, KARTHIK SELVAM ஆகிய மூவரும் ஒருவரே என்றும், S என்பது தந்தை பெயரான SELVAM என்பதைக் குறிக்கிறது என்றும் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வடிவங்களும் எந்தெந்த ஆவணத்தில் உள்ளன என்பதை அதிலேயே குறிப்பிடுவது நல்லது.

புதிய கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகே டோஃபல், ஜிஆர்இ தேர்வுகளுக்குப் பதியுங்கள், ஏனெனில் அங்கே அடையாள ஆவணத்தில் உள்ளபடிதான் பெயர் இருக்க வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பம், அவர்கள் தரும் ஐ-20, விசாவுக்கான டிஎஸ்-160 மூன்றிலும் அதே எழுத்துக்கூட்டல் தொடர வேண்டும்.

காலம் போதவில்லை என்றால் இப்போதுள்ள கடவுச்சீட்டிலேயே விண்ணப்பிக்கலாம். விசா அதனால் மறுக்கப்படாது. டிஎஸ்-160 படிவத்தில் குடும்பப் பெயராக KARTHIK என்றும், இயற்பெயராக, முதற்பெயர் தெரியாது என்பதற்கான ஆங்கிலச் சுருக்கமான FNU என்றும் இட வேண்டும். ஐ-20 ஆவணத்திலோ குடும்பப் பெயர் KARTHIK, இயற்பெயர்க் கட்டம் காலி. இவ்விரண்டும் வேறுபட்டிருப்பது பிழையன்று. ஆனால் அங்கே போனபின் ஓட்டுநர் உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் FNU என்பதே உங்கள் முதற்பெயராக ஏறிவிடக்கூடும் என்பதால், கல்லூரி சேர்வதற்குப் போதிய அவகாசம் இருக்கும்போது முதல் வழியையே பரிந்துரைப்பேன்.