ரிட்டெய்னர் இறுகினால் ஞானப்பல்லைப் பிடுங்க வேண்டுமா?

"மகளுக்கு வயது 17. இரண்டு வருடம் கிளிப் போட்டு, ஆறு மாதம் முன்பு கழற்றினோம். பல் மறுபடி நகராமல் பிடித்து வைக்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ரிட்டெய்னர் கொடுத்தார்கள். ஹாஸ்டல் போனவள் மூன்று வாரம் போடவே இல்லை. இப்போது மாட்டினால் இறுகி வலிக்கிறது. கீழ் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருக்கிறது. ஊரில் உள்ள கிளினிக்கில், ஞானப்பல் தள்ளுவதால்தான் இப்படி, அதை எடுத்துவிட்டு மறுபடி கிளிப் போட வேண்டும் என்கிறார்கள். இந்த ரிட்டெய்னரை எத்தனை நாள்தான் போடுவது?"
– ஒரு வாசகி, தென்காசி

ஞானப்பல்லை அப்புறம் பார்ப்போம். முதலில் மகளை ரிட்டெய்னர் மாட்டச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் கீழ்ப்பற்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு பல்லின் நுனியும் பிளாஸ்டிக்கைத் தொடுகிறதா? இறுக்கமாக இருந்தாலும் முழுதாக உட்கார்ந்துவிட்டால் பெரிய சேதம் இல்லை. சாப்பிடவும் பல் துலக்கவும் கழற்றலாம். மற்ற நேரமெல்லாம், இரவு பகல் பார்க்காமல் போடட்டும். பெரும்பாலும் சில நாட்களில் இறுக்கம் தளர்ந்து, லேசாகத் திரும்பிய பல் பழைய இடத்துக்கு வந்துவிடும். தளர்ந்த பிறகும் உடனே இரவுக்கு மட்டும் என்று குறைக்காதீர்கள். எப்போது குறைப்பது என்று கிளிப் போட்ட டாக்டர் சொல்லட்டும்.

திரும்பிய பல்லின் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ, ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பினாலோ விஷயம் வேறு. அதைக் கடித்துக் கடித்து உட்கார வைக்கப் பார்ப்பார்கள். வேண்டாம், பிளாஸ்டிக் கீறல் விடும். வெந்நீரில் போட்டு இளக்கலாம் என்பது அதைவிட மோசம், வடிவமே கெட்டுவிடும். பக்கத்து கிளினிக் போகாமல், கிளிப் போட்ட டாக்டரிடமே அந்த வாரமே காட்டுங்கள். சின்ன நகர்வு என்றால் புது ரிட்டெய்னரோ, பல்லை மெல்ல நகர்த்தும் இரண்டு மூன்று அலைனர் தட்டுகளோ போதும். முழுக் கிளிப் கடைசி வழி.

மூன்று வாரத்தில் பல் நகருமா என்று கேட்பீர்கள். நகரும். பல்லை எலும்போடும் ஈறோடும் பிணைக்கும் நார்கள் உண்டு. கிளிப் பல்லை நகர்த்தும்போது இவை இழுத்துக் கட்டிய ரப்பர் போல முறுக்கிக்கொள்கின்றன. எலும்பை ஒட்டிய நார்கள் மூன்று நான்கு மாதத்தில் புது இடத்துக்குப் பழகும். ஈறில் இருப்பவை பழக ஒரு வருடமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். திருப்பி நேராக்கிய பல்லை முதலில் பழைய பக்கம் இழுப்பவை இவைதான். கழற்றி ஆறு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். அந்த நார்கள் இன்னும் பழகி முடிக்கவில்லை.

சரி, ஞானப்பல். கீழ் முன்பல் நெருக்கத்துக்கு அதைக் காரணம் காட்டும் பழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. ஆய்வுகள் அதற்கு ஆதரவாக இல்லை. ஞானப்பல்லே முளைக்காதவர்களுக்கும், கிளிப்பே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குகின்றன. முன்பல் கலையாமல் இருக்க ஞானப்பல்லைப் பிடுங்குவது வீண் செலவு, வீண் வீக்கம். சில விலக்குகள் உண்டு, அவற்றையும் தெளிவாகச் சொல்கிறேன், இதைக் காட்டி யாரும் சண்டைக்குப் போகக் கூடாது: ஞானப்பல்லைச் சுற்றி ஈறு திரும்பத் திரும்ப வீங்கிச் சீழ் வைத்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, அது சாய்ந்து முன்னால் உள்ள கடைவாய்ப் பல்லைச் சொத்தையாக்கினாலோ எடுக்கத்தான் வேண்டும். எக்ஸ்ரேயில் அருகே நீர்க்கட்டி தெரிந்தாலும் அப்படியே. அந்தக் காரணங்களில் ஒன்று உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். "முன்னால் தள்ளுகிறது" என்பது மட்டுமே பதிலாக வந்தால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எத்தனை நாள் என்றால், பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும் வரை, இரவில். கிளிப் மாட்டும் அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் பல கிளினிக்குகளில் ஸ்பெஷலிஸ்ட் மாதம் ஒருமுறை வந்து போகிறவர்; கடைசி நாளில் உதவியாளர் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து "நைட் போடும்மா" என்பதோடு சரி. பேக்கேஜ் என்று மொத்தமாகப் பேசிய பணத்தில் ரிட்டெய்னர் இல்லை என்பதும் அன்றுதான் தெரியும். பல் போல வெடிப்பும் தேய்மானமும் வரும் பொருள் அது. வருடா வருடமோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ மாற்ற வேண்டிவரும் என்பதை யாரும் சொல்வதில்லை. கல்யாணப் பந்தியில் இலை ஓரம் வைத்து, இலையோடு மடித்துப் போட்டுவிட்டு வருபவர்கள் என்னிடம் மாதம் ஒருவராவது வருகிறார்கள்.

அதனால் டாக்டரிடம் போகும்போது, பல் நேராக்கிய நிலையில் எடுத்த ஸ்கேன் ஃபைலையோ, பிளாஸ்டர் அச்சையோ கேட்டு வாங்கி வையுங்கள். கொடுக்கத் தயங்கினாலும் விடாதீர்கள். அது கையில் இருந்தால், ஹாஸ்டலில் ரிட்டெய்னர் தொலைந்தாலும் அதை வைத்தே எந்த ஊரிலும் புதிது செய்து வாங்கலாம்.