வதக்குறது, பொன்னிறமாக்குறது, கேரமலைஸ் பண்றது: என்ன வித்தியாசம்?

கேள்வி: கிரேவிக்கு வெங்காயம் எப்போ சரியா வதங்குச்சுன்னு தெரியும்? வதக்குறதும் பிரவுன் பண்றதும் கேரமலைஸும் ஒண்ணுதானா?

மூணும் வேற வேற. வதக்குறதுன்னா வெங்காயத்தை நிறம் மாறாம மெத்துன்னு ஆக்குறது, பொன்னிறம்னா மேல்பக்கம் சிவக்குறது, கேரமலைஸ்னா சிறு தீயில முக்கால் மணி நேரம் கிண்டி உள்ள வரைக்கும் ஜாம் மாதிரி இனிப்பா ஆக்குறது.

எல்லாத்துக்கும் காரணம் தண்ணிதான். வெங்காயத்துல பத்துல ஒன்பது பங்கு தண்ணி, அது இருக்குற வரைக்கும் சூடு 100 டிகிரிய தாண்டாது, அதனால சீக்கிரம் சிவக்காது. ஈரத்துணிய இஸ்திரி போடுற மாதிரி, முதல்ல ஆவிதான் வரும், காஞ்சப்புறம்தான் கருகும்.

ரெண்டு வெங்காயத்தைப் பொடியா நறுக்கி, ரெண்டு ஸ்பூன் எண்ணெய், கால் ஸ்பூன் உப்பு போட்டு மிதமான தீயில வைங்க. உப்பு தண்ணிய வெளிய இழுத்துடும், முதல்ல சளசளன்னு சத்தம் வரும், அஞ்சாறு நிமிஷத்துல கண்ணாடி மாதிரி ஆகும். சத்தம் குறைஞ்சு படபடன்னு மாறுச்சுன்னா தண்ணி வத்திடுச்சு, இனிமே சிவக்கும். ஒரு துண்டை கரண்டியால அழுத்துங்க, நசுங்கினா ரெடி. அதுக்கு முன்னாடி தக்காளி போட்டுடாதீங்க, புளிப்பு பட்டா வெங்காயம் அப்படியே கட்டியா நின்னுடும் (நானும் அவசரத்துல இதைப் பண்ணி, கிரேவி முழுக்க நறுக் நறுக்னு கடிபட்டிருக்கு).

நிறைய பேர் ஓரம் சிவந்துட்டாலே வெந்துடுச்சுன்னு நினைக்கிறாங்க, ஆனா பெரிய தீயில ஓரம் கருகி உள்ள பச்சையாவே இருக்கும்.