தவணை அட்டவணை ஒன்று சொல்ல, வாசகம் வேறொன்று சொன்னால்

"உப்புவெளியில காணி விலை 30 லட்சம், 6 லட்சம் முற்பணம் குடுத்தாச்சு. ஒப்பந்த வாசகத்தில மீதி 6 சம தவணை, மாதம் 10ஆம் திகதி. அட்டவணையில 5 லட்சம் வீதம் 6 வரி, 15ஆம் திகதி. எதைக் கட்டுறது?"

முற்பணத்தைக் கழிக்காமல் முழு விலையையும் ஆறால் வகுத்திருக்கிறார்கள், அதுதான் 5 வந்த கதை. மீதி 24, தவணைக்கு 4 லட்சம். அட்டவணைப்படி கட்டினால் முற்பணத்தோடு 36 லட்சம் போய்விடும், விலையோ 30, ஆகவே தொகையில் வாசகம்தான் சரி என்று காட்டுவது சுலபம். திகதிக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. தாமத வட்டியோ ரத்து உரிமையோ எழுதியிருந்தால் 10ஆம் திகதியைத்தான் பிடிப்பார்கள், அதனால் அதற்கு முதலே வங்கி மூலம் கட்டி, "முதலாம் தவணை, மீதி 20 லட்சம்" என்று பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

அட்டவணையைப் பேனாவால் வெட்டித் திருத்த மட்டும் விடாதீர்கள். காணி விற்பனை ஒப்பந்தம் நொத்தாரிசு முன் எழுத வேண்டியது, திருத்தமும் அப்படியே, இரண்டு சாட்சிகளோடு. அதில் புது அட்டவணையோடு "முரண்பட்டால் வாசகமே செல்லும்" என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். அப்புறம், விற்பவர் 5 லட்சம்தான் என்று அடம்பிடித்தால் அடுத்த தவணைக்கு முன்பே சட்டத்தரணியிடம் போங்கள்.