‘உங்களுக்கு எது சௌகரியமோ’ என்று மட்டும் சொல்லும் மாப்பிள்ளை

சித்தி, அவர்கள் வீட்டிலிருந்து மூன்று முறை வந்துவிட்டார்கள். அவர் ரொம்ப மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார். அப்பா எது சொன்னாலும் ‘சரிங்க சார்’ என்கிறார், குடித்த டம்ளரைத் தானே எடுத்துவந்து உள்ளே வைக்கிறார். என்னிடம் ‘உங்களுக்கு எது சௌகரியமோ’ என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. போன வாரம் கை நனைத்துவிட்டும் போனார்கள். ஆடி கழிந்து ஆவணியில் நிச்சயம் வைக்கலாம் என்று இங்கே பேச்சு. என்னைப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா, சுபாவமே இதுதானா? இந்த மரியாதையை நான் என்னவென்று எடுத்துக்கொள்ள?

கண்ணு, கை நனைத்தது அவர்கள் வீட்டின் முடிவு. சம்பந்தம் பிடிக்காதவர்கள் நம் பக்கத்தில் காபியோடு எழுந்துவிடுவார்கள். இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனால் பெரியவர்கள் மனதளவில் சரி சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம். அதை மகனுடைய சம்மதமாகவும் சேர்த்து எண்ணிவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிற தவறு. கூடத்தில் பத்துப் பேர் நடுவில், பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்க, பையன் மரியாதையாக இல்லாமல் வேறெப்படி இருப்பான்? பிடித்தவன், பிடிக்காதவன், நடிப்பவன், சுபாவமாகவே அடக்கமானவன் நாலு பேருமே அந்தக் கூடத்தில் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அதனால் அங்கே பார்த்ததை வைத்து நல்லதும் முடிவு செய்யாதே, கெட்டதும் முடிவு செய்யாதே.

அந்த மூன்று வருகையிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு: முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் நடுவே ஏதாவது மாறியதா என்பது. கூச்சம் நாளாக நாளாகத் தளரும். முதல் நாள் ‘சார்’ என்றவன் மூன்றாம் நாள் ‘மாமா’ என்று ஆரம்பித்து நடுவில் தடுமாறுவான். போன தடவை நீ சொன்ன எதையாவது ஞாபகம் வைத்துக் கேட்பான். கிளம்பும்போது அவன் அம்மா எழுந்த பிறகும் ஒரு நிமிஷம் நிற்பான். உன் ஆளிடம் இன்னும் ‘சார்’தான், இன்னும் அதே வாக்கியம்தான் என்றால், அது வெறும் கூச்சம் இல்லாமல் இருக்கவும் கூடும். வேண்டாம் என்று வீட்டில் சொல்ல முடியாத பையன்களும் இப்படித்தான் இருப்பார்கள். பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள், எதிர்க்கத் தெம்பில்லை. உன்னை அவமானப்படுத்தவும் மனசில்லை. அப்போது மிஞ்சுவது மரியாதை மட்டும்தான். இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதால்தான் முதலில் சொல்கிறேன். ஆனால் இதுதான் என்று இப்போதே நம்பிவிடாதே, கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்குக் கூடம் உதவாது. மாடியில் பத்து நிமிஷம் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறார்களே, அதுவும் உதவாது. கீழே எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே அந்தப் பத்து நிமிஷமும் போய்விடும். குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். அவர் சென்னையிலிருந்து ஊருக்கு வரும் சனி, ஞாயிறில் சாயங்காலம் நடை திறந்த பிறகு நெல்லையப்பர் கோயிலுக்குப் போங்கள். சுவாமி சன்னிதிக்கும் அம்மன் சன்னிதிக்கும் நடுவே சங்கிலி மண்டபம் இருக்கிறதே, அந்த நீளத்துக்கு நடந்து பேசலாம். எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டு பேசும்போது கூச்சக்காரருக்கு வாய் வரும். துணைக்கு உன் தம்பி வரட்டும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உட்காரட்டும், காதுக்கு எட்டுகிற தூரத்தில் வேண்டாம். முதல் இருபது நிமிஷம் வேலை, பஸ், வெயில் என்று போகும். போகட்டும். அதற்காகத்தான் ஒரு மணி நேரம் என்கிறேன்.

என்ன கேட்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போகலாமா?’ என்று கேட்டால் மரியாதையான பதில் தயாராக இருக்கிறது: ‘அது உங்க விருப்பம்ங்க.’ ‘எப்படிப்பட்ட பெண் வேண்டும்?’ என்றாலும் அப்படித்தான். மரியாதையை வைத்துப் பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேள். நடந்துபோன ஒன்றைப் பற்றிக் கேட்டால் அவர் விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இந்த ஒன்றை விடாதே: ‘கடைசியாக உங்க அம்மாவோ அப்பாவோ சொன்ன எதை நீங்க வேண்டாம்னு சொன்னீங்க? அப்புறம் வீட்டில் என்ன ஆச்சு?’

பதிலில் மூன்று விதம் வரும். ‘பைக் வாங்க வேண்டாம்னாங்க, நான் என் சம்பளத்தில் வாங்கினேன், ஒரு வாரம் அப்பா பேசலை, அப்புறம் அவரே பெட்ரோல் போடப் பணம் கொடுத்தார்’ என்கிற மாதிரி ஒரு சம்பவம் வந்தால், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அவருக்கு மறுக்கத் தெரியும், மறுத்த பிறகு உறவைத் தொடரவும் தெரியும். அப்படியென்றால் உன்னிடம் காட்டும் மரியாதை சுபாவம்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். ‘அப்படி எதுவும் வந்ததே இல்லைங்க’ என்று வந்தால் நிறுத்தாமல், ‘வேலை, படிப்பு, எந்த ஊர், இதிலெல்லாமுமா?’ என்று ஒரு முறை கேள். அதற்கும் இல்லை என்றால், நாளைக்கு உனக்கும் அவர் அம்மாவுக்கும் கருத்து வேறுபடும்போது அவர் இதே மரியாதையோடு நடுவில் பேசாமல் நிற்பார் என்று எடுத்துக்கொள். அது கெட்ட குணம் இல்லை, ஆனால் அதோடு வாழப்போவது நீ. மூன்றாவதாக, கேள்வியிலேயே முகம் சுருங்கி, ‘இதெல்லாம் எதுக்குக் கேக்குறீங்க?’ என்று வந்தால், நீ கேட்டதைச் சரி என்று வைத்துக்கொள், விளக்கம் சொல்லாதே. மரியாதைக்குக் கீழே இருப்பதைக் காட்டிவிட்டார்.

அன்றைக்கே அவரிடம் நீயும் ஒன்றை மறுத்துப் பார். பொய்யாகச் சோதிக்காதே, வேண்டுமென்றே தாமதமாகப் போவது, போனை எடுக்காமல் விடுவது எல்லாம் நல்ல மனுஷனைக்கூடக் குழப்பிவிடும். உனக்கு உண்மையாகவே ஒத்துவராத ஒன்று இருக்கும். நிச்சயத்துக்கு மண்டபம் எடுப்பதாகச் சொன்னால் ‘எனக்கு வீட்டில் வைப்பதுதான் பிடிக்கும்’ என்று சொல். அந்த நேரத்தில் அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, அடுத்த இரண்டு மூன்று நாளில் என்ன நடக்கிறது என்று கவனி. அவரே கூப்பிட்டு ‘எனக்கு மண்டபம்தான் வசதின்னு படுது, ஏன்னா…’ என்று பேசினால் நல்லது. ஒத்துப்போகவில்லை என்றாலும் உன்னிடம் பேசுகிறார். அவர் ஒன்றும் சொல்லாமல், அவர் அம்மா உன் அம்மாவுக்குப் போன் போட்டு ‘பொண்ணு வீட்டிலேயே வைக்கணும்கிறாளாமே’ என்று ஆரம்பித்தால், உங்கள் தனிப் பேச்சு அப்படியே வீட்டுக்குப் போயிருக்கிறது. முகத்துக்கு முன்னால் ‘சரி’, முதுகுக்குப் பின்னால் அம்மா வழியாக ‘இல்லை’ என்பது பழக்கமாகிவிட்டால் அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

கடைசிப் பத்து நிமிஷத்தில், கிளம்புவதற்கு முன்னால், இதைச் சொல்: ‘உங்களுக்கு இதில் விருப்பம் இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். எங்க பக்கத்திலிருந்தே வேண்டாம்னு சொல்லிடுறோம், உங்க பேர் வராது.’ சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. அந்த மௌனம் உனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். அதை நிரப்பப் போய் நீயே சிரித்து மழுப்பிவிட்டால் கேள்வி வீணாகிவிடும். விருப்பம் உள்ளவருக்கு இது பதற்றத்தைக் கொடுக்கும், ‘ஐயோ அப்படியில்ல, எனக்குப் பேச வரலை, அவ்வளவுதான்’ என்று வாய்விட்டு வந்துவிடும். ‘வீட்ல எல்லாருக்கும் பிடிச்சிருக்குங்க’ என்பது பதில் இல்லை. ‘உங்களுக்கு?’ என்று ஒரே ஒரு முறை கேள், மூன்று முறை கேட்காதே. யோசித்துச் சொல்கிறேன் என்றால் ஒரு வாரம் கொடு. விருப்பமில்லை என்று சொன்னால் கொடுத்த வாக்கைக் காப்பாற்று: ‘எங்களுக்குச் சரிவரவில்லை’ என்று மட்டும் உன் அப்பா சொல்லட்டும். அவர் சொன்னதை உன் அம்மாவிடம்கூட முழுதாகச் சொல்லாதே, தெரு முழுக்கப் போய்விடும்.

இன்னொன்றையும் இதோடு பார்த்துவிடு. ‘உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க’ என்று அவர் அம்மா சொல்லும்போது அவர் என்ன செய்தார்? தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாரா? கேட்கிற விதம் மரியாதையாக இருப்பதால் அது கேட்காததாக ஆகிவிடாது. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தில், நேரடியாகக் கேட்டாலும் மறைமுகமாகக் கேட்டாலும் குற்றம்தான். 6 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறை உண்டு. சட்டம் பேசி அவரைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ‘நகை விஷயத்தில் உங்க அபிப்பிராயம் என்ன?’ என்று நேராகக் கேள். ‘எனக்கு எதுவும் வேண்டாம், பெரியவங்க ஆசை’ என்றால், அந்த ஆசையை நிறுத்தச் சொல்லி வீட்டில் பேசுவாரா என்று கேள். இங்கே மட்டும் அவருடைய தயக்கத்தைக் கூச்சம் என்று நீ தள்ளிவிடக் கூடாது.

டம்ளரை எடுத்து வைத்ததைப் பற்றி எழுதியிருந்தாய். நல்ல பழக்கமாக இருக்கலாம். மாப்பிள்ளை வீடு பார்க்க நம்மவர்கள் போகும்போது தெரிந்துவிடும். உன் அப்பாவும் மாமாவும் வரவேற்பில் மூழ்கிவிடுவார்கள், அவர்கள் கண்ணில் படாது. உன் தம்பியைக் கூட அனுப்பு. பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: தன் வீட்டிலும் அவர் டம்ளரை எடுக்கிறாரா, அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டால் எந்தக் குரலில் பதில் வருகிறது, வேலை செய்ய வருகிற அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார், அவருடைய தங்கை அவரிடம் கேலி பேசுகிறாளா, பயந்து நிற்கிறாளா. தங்கை கேலி பேசுகிற வீட்டில் அண்ணன் காட்டும் அடக்கத்தை நான் நம்புவேன்.

ஆடி மாதம் முழுக்க உன் கையில் இருக்கிறது. தட்டு மாற்றிவிட்டால், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால், பிறகு நிறுத்துவது இரண்டு வீட்டுக்கும் அடி. அவருக்கும் உண்மையைச் சொல்லும் தைரியம் இன்னும் குறையும். அதனால் நிச்சயத் தேதி குறிக்கும் முன்பே கோயிலுக்குப் போய்விடு. உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன். ‘ரெண்டு பேரும் ஒரு தடவை கோயிலுக்குப் போய்ட்டு வரட்டும் அத்தான்’ என்று நான் சொன்னால் மறுக்க மாட்டார். அவர் அடுத்து எந்தச் சனிக்கிழமை ஊருக்கு வருகிறார் என்று மட்டும் கேட்டு எனக்குச் சொல்.