தத்தெடுத்த குழந்தைக்குப் புதுப் பெயர்: எந்த ஆவணத்தை முதலில் மாற்றுவது?

கேள்வி: என் தங்கையின் மகளைப் போன வருடம் நாங்கள் தத்தெடுத்தோம். பெங்களூருவில் சார் பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவு செய்துவிட்டோம். குழந்தை பிறந்தது ஓசூரில், வயது ஆறு. பழைய பெயர் பவித்ரா. வீட்டில் இப்போது யாழினி என்று கூப்பிடுகிறோம். ஆதார் பழைய பெயரில் இருக்கிறது. பள்ளியில் புதுப் பெயருக்கு ஆதாரம் கேட்கிறார்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டுமா? எதை முதலில் மாற்றுவது? — வாசகி, அல்சூர்

பதில்: கோர்ட் வேண்டாம். இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956-இன்படி உறவுக்குள் நடந்த தத்து இது. பெற்றவர்களும் நீங்களும் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்த பத்திரம் இருந்தால், தத்து சட்டப்படி நடந்ததாகவே கோர்ட் அனுமானிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. மாறாக யாராவது நிரூபித்தால்தான் அது மாறும். சிறார் நீதிச் சட்டத்தின்படி, பெரும்பாலும் காப்பகம் அல்லது தத்து நிறுவனம் வழியாக, எடுத்த குழந்தைக்குத்தான் கலெக்டரின் தத்து உத்தரவு வேண்டும். 2022 செப்டம்பருக்கு முன்பு அதைக் கோர்ட் கொடுத்தது. அந்த வழியும் உங்கள் வழியும் வேறு வேறு. அலுவலகங்களில் இரண்டையும் குழப்பி உங்களிடம் கலெக்டர் உத்தரவு கேட்பார்கள். இந்துச் சட்டப்படி நடக்கும் தத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 56-வது பிரிவே சொல்லியிருக்கிறது. அதை எடுத்துச் சொல்லுங்கள்.

எதை முதலில் என்றால், பிறப்புச் சான்றிதழ்தான். ஆதாரிலிருந்து ஆரம்பிப்பவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள். ஆதாரில் பெயரை மாற்ற இன்னொரு ஆவணம் காட்ட வேண்டும், அந்த ஆவணம் பழைய பெயரில் இருக்கும், கடைசியில் எதுவும் நகராது.

முதலில் பழைய பிறப்புச் சான்றிதழை எடுத்து, குழந்தையின் பெயர் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறந்தவுடன் பதியும்போது பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பிறகு சேர்க்கவும் மறந்திருப்பார்கள். நம் ஊர்களில் இது சகஜம். அந்த இடம் காலியாக இருந்தால் உங்கள் வேலை பாதி குறைந்தது. பதிவு செய்து 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிப் பெயர் சேர்க்கலாம். பெற்றோர் பெயரை மாற்றும்போதே யாழினி என்று முதல் தடவையாகச் சேர்த்துவிடலாம்; பெயர் மாற்றம் என்ற பேச்சே அந்தப் பதிவேட்டில் எழாது.

பவித்ரா என்று ஏற்கெனவே ஏறியிருந்தால், உங்கள் தத்துப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான பத்திரங்களில் குழந்தையின் பழைய பெயர் மட்டும் இருக்கும். புதுப் பெயரே வராது. அப்படியானால் பவித்ராவும் யாழினியும் ஒரே குழந்தை என்று சொல்ல உங்களிடம் ஒரு காகிதமும் இல்லை என்றுதான் எந்த அதிகாரியும் பார்ப்பார். அதே சார் பதிவாளர் அலுவலகத்தில், முதல் பத்திரத்தில் கையெழுத்திட்ட எல்லோரும் வந்து, ஒரு திருத்தப் பத்திரம் போடுங்கள். அதில் கீழே உள்ளதைப் போல ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும்:

"இன்ன தேதியில் ஓசூரில் பிறந்து, இன்ன எண்ணில் பிறப்பு பதிவான பவித்ரா என்கிற குழந்தை, தத்துக்குப் பின் யாழினி என்று அழைக்கப்படுவாள், இரண்டு பெயர்களும் ஒரே குழந்தையையே குறிக்கும்."

பிறப்புப் பதிவு எண்ணை விட்டுவிடாதீர்கள். பதிவேட்டில் உள்ள வரியையும் பத்திரத்தையும் இணைப்பது அந்த எண்தான். இன்னொன்று, நம்முடைய இனிஷியல். பவித்ராவுக்குப் பெற்ற அப்பாவின் இனிஷியல் இருக்கும், யாழினிக்கு உங்கள் கணவருடையது வரும். யாழினி எஸ். என்று ஓரிடத்திலும் எஸ். யாழினி என்று இன்னோரிடத்திலும் வந்தால் பிறகு அதைச் சரிசெய்யவே தனியாக அலைய வேண்டும். இனிஷியலை விரித்து, பெயருக்குப் பின்னால் தந்தை பெயராக எழுதி, இதே வடிவத்தை எல்லா இடத்திலும் வையுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இப்போதே முடிவு செய்து பத்திரத்தில் போட்டுவிடுங்கள். பத்திரம் கன்னடத்தில் இருந்தால் நோட்டரி சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூரில் அது தேவைப்படும்.

ஆம், ஓசூருக்குத்தான் போக வேண்டும். நீங்கள் பெங்களூருவில் குடியிருந்தாலும், கர்நாடகாவின் பிறப்பு இறப்புப் பதிவுத் தளமான இ-ஜன்மாவில் இந்தக் குழந்தையின் பதிவு இருக்காது. பிறப்பு எங்கே பதிவானதோ அங்கேதான் திருத்த முடியும். நகருக்குள் உள்ள மருத்துவமனையில் பிறந்திருந்தால் மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் மனு கொடுங்கள். பழைய சான்றிதழ், தத்துப் பத்திரத்தின் சான்றிட்ட நகல், திருத்தப் பத்திரம், பெற்றவர்கள் மற்றும் உங்கள் இருவரின் ஆதார் நகல்கள் போதும். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பு எழுதி, பதிவாளர் கையெழுத்திட்டு, உங்களைப் பெற்றோராகக் காட்டும் புதுச் சான்றிதழ் தருவார்கள். பிறந்த தேதியும் இடமும் அப்படியே இருக்கும்.

பெற்றோர் பெயரை மாற்றித் தருகிறோம், குழந்தையின் பெயரை மாட்டோம் என்று சிலர் சொல்வார்கள். அதை எழுத்தில் கேளுங்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு, பதிவாளரின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 90 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவரவில்லை என்றால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதுதான் மிச்சமுள்ள வழி. அதற்கும் தத்துப் பத்திரம் வேண்டும். கெஜட் பெயரை மட்டும்தான் மாற்றும், அப்பா அம்மாவை மாற்றாது. அதனால் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் மாறுவதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம்தான் ஆதார். புதுப் பெயரில் இன்னொரு ஆதார் எடுக்கவே எடுக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே கைரேகை எடுப்பதில்லை என்பதால் சிலர் அப்படி இரண்டாவது அட்டை வாங்கிவிடுகிறார்கள். பிறகு கைரேகை பதியும்போது இரண்டும் மோதும். எண் அதேதான் இருக்க வேண்டும், பெயர் மட்டும் மாற வேண்டும். புதுப் பிறப்புச் சான்றிதழையும் பத்திரத்தையும் கொண்டு குழந்தையோடு ஆதார் சேவை மையத்துக்குப் போங்கள். ஐந்து வயதுக் கைரேகைப் பதிவு இன்னும் ஆகவில்லை என்றால் அதையும் அன்றே முடித்துவிடுங்கள். பெயர் முழுவதும் மாறும்போது கெஜட் கேட்பது அங்கே வழக்கம். புதுச் சான்றிதழும் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லும் பத்திரமும் இருந்தும் மறுத்தால், ஆதாருக்காகவே கெஜட் போட வேண்டி வரலாம். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் ரசீதில் எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு இந்த இரண்டின் நகலோடு ஒரு மனு போதும். கல்வி அலுவலர் அனுமதி வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொன்னால் பள்ளி வழியாகவே அதை அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பில் மாற்றுவது எளிது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பழைய பெயர் ஏறிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. பாஸ்போர்ட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் எடுங்கள். அதற்கு இன்று அவசரம் ஏதும் இல்லையே.