வெளிநாட்டுக் கல்லூரிக் கட்டணம்: வங்கியில் என்ன எழுதிக் கொடுப்பது? (கேள்வி பதில்)

மகள் இங்கிலாந்தில் எம்எஸ்சி சேர்கிறாள். பல்கலைக்கழகம் 12,000 பவுண்டுக்கு இன்வாய்ஸ் அனுப்பியிருக்கிறது. வங்கிக்குக் கடிதம் எப்படி எழுதுவது? (திருநெல்வேலி, தந்தை)

நீளமாக வேண்டாம். இப்படி எழுதுங்கள்: "என் மகளின் முதல் ஆண்டுப் படிப்புக் கட்டணம் 12,000 பவுண்டை, இணைத்துள்ள இன்வாய்ஸில் உள்ள பல்கலைக்கழகக் கணக்குக்கு என் சேமிப்புக் கணக்கில் இருந்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். நோக்கம்: வெளிநாட்டுக் கல்வி. வெளிநாட்டு வங்கிக் கட்டணங்களையும் என் கணக்கிலேயே பிடித்துக்கொள்ளவும்." கூடவே இன்வாய்ஸ், சேர்க்கைக் கடிதம், மகளின் பாஸ்போர்ட் நகல், உங்கள் பான் நகல், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கி கேட்கும் ஏ2 படிவம், பூர்த்தி செய்தது. படிவத்தில் நோக்கத்துக்கான குறியீடு S0305.

கொண்டுபோகும் முன் இன்வாய்ஸை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மகளின் பெயர், மாணவர் எண், தொகை, பல்கலைக்கழகத்தின் கணக்கு விவரம் எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவு கட்டணம் என்று மட்டும் சொல்லும் சேர்க்கைக் கடிதத்தை இன்வாய்ஸ் என்று நினைத்துக் கொண்டுவருபவர்கள் நிறைய. நான் அந்நியச் செலாவணி கவுன்டரில் இருந்த காலத்தில், திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது பெரும்பாலும் அவர்களைத்தான்.

வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை தாராளமாக அனுப்பலாமே, இன்வாய்ஸ் எதற்கு? நான் 'குடும்பப் பராமரிப்பு' என்று போட்டு மகன் கணக்குக்கே 14 லட்சம் அனுப்பிவிட்டேன். (கோவை)

வரம்பு நீங்கள் சொல்வதுதான், ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒருவருக்கு 2,50,000 டாலர். ஆனால் வரம்புக்குள் இருந்தாலும் எதற்காக அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து, வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிசிஎஸ் மாறும். 2025-26 நிதியாண்டுக் கணக்கில், ஒரே பானில் அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால்தான் அது வரும். 14 லட்சத்தில் மீதி 4 லட்சம். கல்வி என்று போட்டிருந்தால் அதற்கு 5 சதவீதம், 20,000 ரூபாய். குடும்பப் பராமரிப்பு என்றால் 20 சதவீதம், 80,000 ரூபாய். வருமான வரிக் கணக்கில் இதைக் காட்டித் திரும்பப் பெறலாம், சரி. ஆனால் அதுவரை அறுபதாயிரம் ரூபாய் கூடுதலாக முடங்கிக் கிடக்கும். அதைவிட முக்கியம், ஏ2 படிவத்தில் நோக்கம் இதுதான் என்று நீங்கள் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள். கட்டணத்துக்குத்தான் பணம் என்றால் அதையே எழுதுங்கள்.

எங்களுடையது கல்விக் கடன். டிசிஎஸ் பிடிப்பார்களா? கொஞ்சம் என் தம்பியிடமும் வாங்கினேன், அதுவும் கடன்தானே? (மதுரை)

வங்கியில் வாங்கிய கல்விக் கடன் தொகைக்கு டிசிஎஸ் இல்லை. தம்பி கொடுத்தது கடனாகவே இருந்தாலும் இதில் சேராது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கலக்காமல், கடன் பகுதிக்கு ஒன்று, சொந்தப் பணத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுங்கள். முதலாவதில் கடன் அனுமதிக் கடிதத்தை இணைத்து, பணம் கடன் கணக்கில் இருந்து போகிறது என்று எழுதுங்கள்.

மகள் கனடாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் அனுப்பும் பணத்தை நான் வாங்கவும் S0305 போட வேண்டுமா? (சேலம்)

வேண்டாம். இங்கே பேசுவது நாம் வெளியே அனுப்பும் பணத்தைப் பற்றி. உள்ளே வருவதற்குக் குறியீடு வேறு.

கட்டணம் முழுதாகத்தான் அனுப்பினேன், 18 பவுண்டு குறைகிறது என்று பல்கலைக்கழகம் சொல்கிறது. எங்கே போனது? (திருச்சி)

வழியில் இருக்கும் இடைநிலை வங்கி எடுத்துக்கொண்டது. படிவத்தில் வங்கிக் கட்டணம் யாருக்கு என்ற இடத்தில், அனுப்புபவரும் பெறுபவரும் பகிர்ந்துகொள்வது என்று பொருள்படும் SHA இருந்திருக்கும். OUR என்று குறித்தால் அந்தச் செலவு உங்கள் கணக்கில் பிடிக்கப்படும், அங்கே தொகை முழுதாகச் சேரும். என் அண்ணன் மகனுக்கும் இதேதான் நடந்தது. ஒரு சின்னப் பாக்கிக்காக அவன் பதிவை நான்கு நாள் நிறுத்திவைத்தார்கள். கிளையில் நானே பக்கத்தில் நின்றும் அந்தக் கட்டத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன், இன்றும் வருத்தம்தான்.

இன்னொன்று, பணத்தோடு போகும் குறிப்பு. அதில் மாணவர் எண் இல்லாவிட்டால் பணம் வந்தும் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. இப்படி எழுதச் சொல்லுங்கள்:

```
TUITION FEE STUDENT ID 24815307 INV 50921
```

குறிப்பில் # போன்ற குறிகளைத் தவிர்த்துவிடுங்கள், அவை வழியில் விழுந்துவிடும். அனுப்பியதும், பணம் போனதற்கு வங்கி தரும் ஸ்விஃப்ட் நகலைக் கேட்டு வாங்கிப் பிள்ளைக்கு அனுப்புங்கள். பணம் கிடைக்கவில்லை என்றால் தேடுவதற்கு அந்த ஒரு தாள்தான் கை கொடுக்கும்.

விடுதி வாடகையையும் இதே நோக்கத்தில் அனுப்பலாமா? வீட்டுக்காரர் தனியார். (சென்னை)

பல்கலைக்கழக விடுதி என்றால் பிரச்சினை இல்லை, S0305இல் விடுதிச் செலவும் அடங்கும். தனி வீட்டுக்காரர் கணக்கு என்றால்தான் இழுபறி. வாடகை ஒப்பந்தமும் சேர்க்கைக் கடிதமும் பார்த்துச் சில கிளைகள் கல்வி என்றே அனுப்பிவிடுகின்றன. சில கிளைகள் பராமரிப்பு என்றுதான் போடச் சொல்கின்றன. நான் பார்த்தவரை ஒரே வங்கியின் இரண்டு கிளைகளே இதில் ஒத்துப்போவதில்லை. ஒப்பந்தத்தோடு முதலில் அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தபிறகு படிவத்தை நிரப்புங்கள்.