டிப்ளமோ பாடத்திட்டம்: விளைவு, வாரம், மதிப்பெண் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த என்ன செய்வது?

கேள்வி: டிப்ளமோவில் ‘அடிப்படைக் கணக்கியல்’ பாடத்துக்குப் பாடத்திட்டம் எழுதும் பொறுப்பு எனக்கு. 15 வாரம், வாரத்துக்கு 4 மணி நேரம். பழைய பாடத்திட்டத்தின் 8 அலகுகளை வாரங்களாகப் பிரித்து, 12 கற்றல் விளைவுகள் எழுதி, வருகை 10, ஒப்படைப்பு 20, இடைத்தேர்வு 20, இறுதித் தேர்வு 50 என்று போட்டு அனுப்பினேன். “விளைவுகளை அளக்க முடியாது, மதிப்பெண் பங்கீடு அவற்றோடு பொருந்தவில்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதைத் திருத்துவது? 8 அலகுகளும் இருந்தே ஆக வேண்டுமா?

பதில்: எழுதிய வரிசையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அலகுகளை வாரங்களுக்குப் பங்கிட்டுவிட்டு அதற்கேற்ப விளைவுகளை எழுதினால், அலகுத் தலைப்புக்குப் பின்னால் ‘பற்றி அறிவர்’ என்று சேர்த்த வாக்கியம்தான் கிடைக்கும். முதலில் விளைவு, அடுத்து அதை எப்படிச் சோதிப்பது, கடைசியில் வாரம் என்று போனால் பாதிச் சிக்கல் தானாகவே தீரும்.

60 மணி நேரப் பாடத்துக்கு 12 விளைவுகள் அதிகம். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க நேரமே இருக்காது. ஐந்து போதும். கீழே வி-1, வி-2 என்று சொல்லப்போவது இவற்றைத்தான்: சான்றுச் சீட்டுகளிலிருந்து குறிப்பேட்டுப் பதிவு செய்வது, பேரேட்டில் எடுத்தெழுதி இருப்பாய்வு தயாரித்துப் பிழைகளைத் திருத்துவது, வங்கிச் சரிகட்டும் பட்டியல் தயாரிப்பது, தனியாள் வணிகத்துக்குச் சரிக்கட்டுதல்களோடு இறுதிக் கணக்குகள் தயாரிப்பது, அந்தக் கணக்கைப் படித்து வணிகத்தின் நிலையை உரிமையாளருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது.

ஒரு விளைவை எப்படித் திருத்தி எழுதுவது என்று பார்ப்போம். “வங்கிச் சரிகட்டும் பட்டியலின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வர்” என்று எழுதினால், புரிந்துகொண்டாரா என்று யாரும் பார்க்க முடியாது. தேர்வில் “முக்கியத்துவத்தை எழுதுக” என்று கேட்கத்தான் வழியிருக்கும், மாணவர் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார். இப்படி மாற்றுங்கள்: “ஒரு மாத ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியையும் அதே மாத வங்கி அறிக்கையையும் கொடுத்தால், வேறுபடும் பதிவுகளைத் தாமே கண்டுபிடித்து, இரு இருப்புகளும் ஒத்துப்போகுமாறு சரிகட்டும் பட்டியல் தயாரிப்பார்.”

இதில் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. கையில் என்ன தரப்படும், மாணவர் என்ன செய்வார், எது வந்தால் சரி. இந்த மூன்றும் இருந்தால் வினாத்தாளின் வடிவமும் கூடவே முடிவாகிவிடும். பாடநூல் கணக்குகளில் “விடுத்த காசோலை இன்னும் பணமாக்கப்படவில்லை, வங்கிக் கட்டணம் ஏட்டில் பதியப்படவில்லை” என்று வேறுபாடுகளை வரிசையாகக் கொடுத்துவிடுவார்கள். மாணவர் கூட்டிக் கழித்தால் போதும். திருத்திய விளைவோ கண்டுபிடிக்கச் சொல்கிறது. எனவே வினாவிலும் இரண்டு ஆவணங்களைத்தான் தர வேண்டும். வேறுபாடுகளை வரிசையாகக் கொடுத்துவிட்டால் விளைவின் கடினமான பாதி சோதிக்கப்படாமலே போய்விடும்.

ஒரே வாக்கியத்தில் தொடர்பில்லாத இரண்டு வேலைகளைச் சேர்க்காதீர்கள். “இறுதிக் கணக்குகளைத் தயாரித்து, அவற்றை உரிமையாளருக்கு விளக்குவர்” என்றால், தயாரிக்கத் தெரிந்து விளக்கத் தெரியாதவர் அந்த விளைவை எட்டினாரா இல்லையா? அதனால்தான் மேலே அவை வி-4, வி-5 என்று தனித்தனியாக இருக்கின்றன.

இனி மதிப்பெண். உங்கள் பழைய பங்கீட்டை ஒரு மாணவரை வைத்துச் சோதித்துப் பாருங்கள். வருகைக்கு 10. குழுவாகச் செய்த ஒப்படைப்புக்கு 20-க்கு 18. இடைத்தேர்வில் 20-க்கு 8. மொத்தம் 36 ஆகிவிட்டது. தேர்ச்சிக்கு 40 என்றால் இறுதித் தேர்வில் 50-க்கு 4 எடுத்தால் போதும். இறுதிக் கணக்கு ஒன்றைக்கூடத் தயாரிக்கத் தெரியாமல் ஒருவர் கணக்கியலில் தேர்ச்சி பெறலாம். திருப்பி அனுப்பியவர்கள் சொன்ன ‘பொருந்தவில்லை’ என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான்.

சரிசெய்ய ஒரு கட்ட அட்டவணை போடுங்கள். ஒரு விளைவுக்கு ஒரு வரிசை, ஒரு சோதனைக்கு ஒரு பத்தி.

| விளைவு | சீட்டுப் பயிற்சி (வாரம் 5) | இடைத்தேர்வு (வாரம் 7) | வங்கிச் செய்முறை (வாரம் 10) | அறிக்கை (வாரம் 15) | இறுதித் தேர்வு | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|
| வி-1 | 10 | 10 | – | – | – | 20 |
| வி-2 | 5 | 15 | – | – | 5 | 25 |
| வி-3 | – | – | 15 | – | – | 15 |
| வி-4 | – | – | – | – | 30 | 30 |
| வி-5 | – | – | – | 10 | – | 10 |
| மொத்தம் | 15 | 25 | 15 | 10 | 35 | 100 |

முதலில் வலது ஓர மொத்தத்தை முடிவு செய்ய வேண்டும். இந்தப் பாடம் முடித்தவரிடம் எந்தத் திறமை எவ்வளவு முக்கியம் என்று நீங்கள் சொல்வது அங்கேதான். கட்டங்களை அதற்குப் பிறகு நிரப்பலாம். ஒரு வரிசை காலியாக இருந்தால் அந்த விளைவைச் சோதிக்கவே இல்லை என்று பொருள். ஒரு பத்தி காலியாக இருந்தால் அந்தச் சோதனை எதையும் அளக்கவில்லை. வருகைக்குப் பத்தி போட்டுப் பாருங்கள், எந்த விளைவுக்கு எதிரே எழுதுவது என்றே தெரியாது. வருகை கட்டாயம் என்றால் அதைத் தேர்வு எழுதும் தகுதியாக வையுங்கள், மதிப்பெண்ணாக வேண்டாம்.

இறுதித் தேர்வுக்கு 50 கட்டாயம் என்று நிறுவன விதி இருந்தாலும் கவலையில்லை. இடைத்தேர்வை 25-லிருந்து 10 ஆக்கி வி-1, வி-2 இரண்டுக்கும் 5, 5 கொடுங்கள். மீந்த 15-இல் 5 வி-1-க்கும் 10 வி-2-க்கும் இறுதித் தேர்வில் சேரட்டும். வலது ஓர மொத்தம் எதுவும் மாறாது. அது மாறாதவரை உள்ளே கட்டங்களை விதிக்கேற்ப எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

இந்தப் பங்கீட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வி-4 முழுவதும் ஒரே தேர்வில் தொங்குகிறது. எனவே இரண்டு பாதுகாப்புகள் தேவை. ஒன்று, 13-ஆம் வாரத்தில் அதே அளவு கணக்கு ஒன்றை மதிப்பெண் இல்லாமல் நேரம் குறித்துச் செய்யவைத்துத் திருத்திக் கொடுப்பது. இரண்டு, இறுதித் தேர்வில் குறைந்தது 40 விழுக்காடு, அதாவது 35-க்கு 14 எடுத்தால்தான் பாடத்தில் தேர்ச்சி என்ற விதி. தேர்வு விதிகள் இதை அனுமதிக்கின்றனவா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதித்தால் பாடத்திட்டத்திலேயே அச்சாக வேண்டும், முதல் வகுப்பில் வாயால் சொன்னால் நிற்காது.

சோதனைகளின் எண்ணிக்கையைக் கூட்டும் முன் திருத்தும் நேரத்தையும் கணக்குப் பாருங்கள். 60 பேர் வகுப்பில் ஐந்து சோதனை என்றால் 300 விடைத்தாள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலே 50 மணி நேரம். கிட்டத்தட்ட வகுப்பெடுக்கும் நேரத்துக்குச் சமம். வாரம் ஒரு சிறு தேர்வு என்று எழுதிவிட்டு, திருத்திய தாள் பருவம் முடியும்வரை கைக்கு வராமல் போவது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

வாரப் பங்கீட்டுக்கு வருவோம். 15 வாரத்தில் 7-ஆவது இடைத்தேர்வுக்கும் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துப் பேசுவதற்கும் போகும். 15-ஆவதில் அறிக்கையை வாங்குவதைத் தவிர வேறெதுவும் வைக்காதீர்கள். விடுமுறையில் விழும் வகுப்புகளை அது தாங்கும், எதுவும் விழாவிட்டால் மீள்பார்வை. மீதி 13 வாரத்தை ஏறக்குறைய மதிப்பெண் விகிதத்திலேயே பிரிக்கலாம்: வி-1-க்கு 1 முதல் 3, வி-2-க்கு 4 முதல் 6, வி-3-க்கு 8, 9, வி-4-க்கு 10 முதல் 13, வி-5-க்கு 14.

இப்போது 8 அலகுகள். எந்த விளைவுக்கும் வேலை செய்யாத அலகு வெளியே போக வேண்டும். பழைய பட்டியலில் கூட்டாண்மைக் கணக்கோ ஒற்றைப் பதிவு முறையோ இருந்தால், மேலே உள்ள ஐந்தில் எதற்கும் அவை தேவையில்லை. அடுத்த பாடத்துக்குத் தள்ளலாம். “எப்போதும் இருந்தது” என்று அவற்றை வைத்துக்கொண்டால் விலை கொடுப்பது கடைசி வாரங்கள்தான். தேய்மானமும் வாராக்கடனும் ஒரே வகுப்பில் ஓடும், தேர்வில் 30 மதிப்பெண் அங்கேதான் இருக்கும்.

வார வரிசையில் தலைப்பை மட்டும் எழுதாதீர்கள். ‘இறுதிக் கணக்குகள்’ என்று நான்கு முறை எழுதினால், வகுப்பெடுக்கும் இன்னொருவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. 10-இல் சரிக்கட்டுதல் எதுவும் இல்லாமல் வியாபார, இலாப நட்டக் கணக்கு. 11-இல் இருப்புநிலைக் குறிப்பும், கொடுபட வேண்டிய செலவும், முன்கூட்டிச் செலுத்திய செலவும். 12-இல் தேய்மானமும் வாராக்கடனும். 13-இல் எல்லாம் கலந்த முழுக் கணக்கு. மாணவர் செய்யும் வேலையையும் அதே வரிசையில் குறியுங்கள். உதாரணமாக 9-ஆம் வாரம்: “2 மணி – வங்கி அறிக்கையையும் ரொக்க ஏட்டையும் ஒவ்வொரு பதிவாக ஒப்பிட்டு, பொருந்தியவற்றுக்குக் குறியிடுதல், 2 மணி – குறியிடாதவற்றைக் கொண்டு பட்டியல் தயாரித்தல் (வி-3).” வரிசையின் இறுதியில் விளைவு எண் கட்டாயம் இருக்கட்டும்.

கணக்கியலுக்கே உரிய ஒரு விதியையும் எழுதிவிடுங்கள். இருப்பாய்வில் ஒரு தொகையை மாணவர் தவறாக எழுதினால் அது இலாபத்தையும் இருப்புநிலைக் குறிப்பையும் சேர்த்துக் கெடுக்கும். தொடர் பிழைக்கு ஒருமுறை மட்டும் மதிப்பெண் குறைக்கப்படும் என்று குறிப்பிடாவிட்டால், ஒரே விடைத்தாளுக்கு ஒருவர் 22-ம் இன்னொருவர் 12-ம் போடுவார்கள்.

மறுபடி அனுப்பும் முன், போன பருவத்து வினாத்தாளை எடுத்து ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் விளைவு எண்ணை எழுதுங்கள். “வரையறு”, “நன்மைகளை எழுதுக” போன்ற வினாக்களுக்கு எண் கிடைக்காது. அவற்றின் மதிப்பெண்களைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அது வினாத்தாளின் மொத்த மதிப்பெண்ணில் ஏறக்குறைய 30 விழுக்காட்டைத் தாண்டினால், மாதிரி வினாத்தாள் ஒன்றையும் சேர்த்தே அனுப்புங்கள். வினாத்தாள் எடுப்பவர் வேறொருவராக இருந்தால், அவர் வழிகாட்டியாகப் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.